இட்லிப் பொடியை யார் வழியாக விற்பது: வீட்டிலிருந்தா, கடையிலா, டிஸ்ட்ரிபியூட்டரிடமா?

பெங்களூர் அல்சூரில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு இட்லிப் பொடி அரைத்து விற்கும் ஒரு அக்காவின் கணக்கை வைத்தே இதை எழுதுகிறேன். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். வறுப்பது வீட்டில், அரைப்பது பக்கத்துத் தெரு மில்லில், பாக்கெட் போட ஒரு பெண் உதவிக்கு வருகிறார். வாரத்துக்கு 200 கிராம் பாக்கெட் 200 வரை போட முடியும், ஆனால் இப்போது தெரிந்தவர்களிடம் விற்பது எழுபது எண்பதுதான். ஸ்கூட்டர் இருக்கிறது, எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு எடுத்தாகிவிட்டது. அவர் என்னிடம் கேட்டது இதுதான்: "தம்பி, ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாத்தையும் நானே எடுத்துக்கிறேன்னு சொல்றார், கொடுத்துடவா, இல்ல கடை கடையா நானே போகவா?"

நான் சில வருடம் ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் ஆபீசில் பில் போட்டவன், அதனால் என்னிடம் கேட்டார். பதில் சொல்வதற்கு முன்னால் நான் செய்யச் சொன்னதெல்லாம் ஒரு நோட்டில் கணக்குப் போடுவதுதான். அதே வரிசையில் கீழே தருகிறேன். எண்கள் அவருடையவை. நீங்கள் முறுக்கு சுடுகிறவரானாலும் சோப்பு செய்கிறவரானாலும் உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில், நடுவில் யார் யார்

உங்களுக்கும் சாப்பிடுகிறவருக்கும் நடுவில் எத்தனை பேர் சரக்கை வாங்கி விற்கிறார்கள் என்று எண்ணினால் அதுதான் நிலை. வீட்டுக்கு வந்து வாங்கிப் போனாலும், வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து அனுப்பினாலும், அபார்ட்மெண்டில் ஞாயிற்றுக்கிழமை ஸ்டால் போட்டாலும் நடுவில் யாரும் இல்லை, அது பூஜ்ய நிலை. மளிகைக் கடைக்கு நீங்களே கொண்டுபோய்க் கொடுத்தால் ஒரு நிலை. டிஸ்ட்ரிபியூட்டர் வாங்கி அவர் கடைகளுக்குக் கொடுத்தால் இரண்டு. அதற்கும் மேலே சூப்பர் ஸ்டாக்கிஸ்ட் ஒருவர் வந்து, அவர் பல ஊர் டிஸ்ட்ரிபியூட்டர்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் மூன்று. பாக்கெட்டைக் கொண்டுபோகும் ஆட்டோக்காரரையும் கூரியரையும் எண்ண வேண்டாம், அவர்களுக்குக் கூலி கொடுக்கிறீர்கள், சரக்கு அவர்களுடையதாக ஆவதில்லை.

புதிதாக வருகிறவர்கள் டிஸ்ட்ரிபியூட்டரையும் மொத்த வியாபாரியையும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள். யஷ்வந்தபுரம் யார்டிலோ கே.ஆர். மார்க்கெட் பக்கத்திலோ கடை வைத்திருக்கும் மொத்த வியாபாரி, வருகிறவருக்கு விற்பார், யார் எந்த ஏரியாவில் விற்கிறார்கள் என்பது அவர் கவலை இல்லை, உங்கள் பொடியைத் தூக்கிப் பேசவும் மாட்டார். டிஸ்ட்ரிபியூட்டர் ஒரு ஏரியாவைப் பிடித்துக்கொண்டு, சேல்ஸ்மேனை லைனுக்கு அனுப்பி, கடை கடையாக ஆர்டர் எடுத்து, வண்டியில் இறக்கி, கடனும் கொடுத்து, பிறகு அதை வசூலும் செய்கிறவர். அவர் எடுக்கும் மார்ஜின் இந்த வேலைகளுக்கான கூலி. இவற்றில் எதையாவது அவர் செய்யவில்லை என்றால், அவருக்கு டிஸ்ட்ரிபியூட்டர் மார்ஜின் கொடுத்துவிட்டு மொத்த வியாபாரி வேலை வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஏஜெண்ட் இன்னொரு வகை. சரக்கை வாங்கமாட்டார், ஆர்டர் பிடித்துக் கொடுத்து கமிஷன் எடுப்பார், கடைக்காரர் பணம் தராவிட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

ஒரு பாக்கெட்டின் அடக்க விலை

அக்காவின் கணக்கில் உளுந்து, கடலைப்பருப்பு, மிளகாய், எள், பெருங்காயம் எல்லாம் சேர்த்து ஒரு பாக்கெட்டுக்கு 40 ரூபாய். பையும் லேபிளும் 8. கேஸ், மில் கூலி, உதவிக்கு வரும் பெண்ணின் சம்பளம் 12. ஆக 60. அவருடைய சொந்த உழைப்பை இதில் சேர்க்கவில்லை. பொடி தயாரிக்கும் உழைப்பு எந்த வழியில் விற்றாலும் ஒன்றுதான் என்பதால் வழிகளை ஒப்பிடும்போது அது பாதிக்காது. விற்பதற்கு ஆகும் நேரம்தான் வழிக்கு வழி மாறும், அதைப் பின்னால் எண்ணுவோம்.

மேலே இருந்து கீழே வாருங்கள்

அடக்க விலையில் கொஞ்சம் சேர்த்து விலை வைப்பதுதான் எல்லோரும் செய்வது. அது நேரடியாக விற்கும் வரை ஓடும், கடைக்குப் போன அன்றைக்கே மாட்டிக்கொள்ளும். பாக்கெட்டில் அச்சடித்த எம்ஆர்பியில் ஆரம்பித்து ஒவ்வொருவர் பங்கையும் கழித்துக்கொண்டே கீழே வாருங்கள், கடைசியில் மிஞ்சுவதில் அடக்க விலை போக என்ன நிற்கிறது என்று பாருங்கள்.

இங்கே ஒரு வழுக்கல் உண்டு. கடைக்காரர் "இருபது பர்சென்ட் வேணும்" என்பார். எம்ஆர்பியில் இருபதா, அவர் வாங்கும் விலையின் மேல் இருபதா என்று கேட்டுவிடுங்கள். 120 ரூபாய் பாக்கெட்டில் முதல் வகை என்றால் 24 ரூபாய் அவருக்கு, 96 உங்களுக்கு. இரண்டாவது வகை என்றால் உங்களுக்கு 100 வரும், அவருக்கு 20. பாக்கெட்டுக்கு நாலு ரூபாய் வித்தியாசம், பேசும்போது இருவரும் சொன்னது ஒரே இருபது. சதவீதத்தைப் பேசாமல், "உங்களுக்குப் பாக்கெட் 96 ரூபாய்ண்ணா" என்று ரூபாயிலேயே பேசிவிட்டால் இந்தத் தகராறே வராது.

பெரிய கம்பெனிச் சரக்குக்குக் கடைக்காரர் பத்துச் சதவீதத்தை ஒட்டி வாங்கிக்கொண்டு திருப்திப்படுகிறாரே, நம்மிடம் மட்டும் ஏன் இருபது, இருபத்தைந்து கேட்கிறார் என்று அக்காவுக்குக் கோபம். ஆனால் கடைக்காரர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அந்தச் சரக்கு இரண்டு நாளில் தீர்ந்துவிடும், நம் பொடி பத்து பாக்கெட் விற்க ஒரு வாரமாவது ஆகும், அதுவரை அந்த அரை அடி தட்டு நமக்காக அடைபட்டுக் கிடக்கிறது.

நேரடி விற்பனைக்கும் செலவு உண்டு

அக்காவின் எம்ஆர்பி அப்போது 120. வீட்டு வாசலில் வந்து வாங்கினால் 60 ரூபாய் முழுதாக நிற்கும், அதற்கு இணையான வழி எதுவும் இல்லை. ஆனால் வாசலுக்கு வருகிறவர்கள் எண்ணிக்கை தானாகக் கூடாது.

வாட்ஸ்அப் ஆர்டரில் டெலிவரிதான் கழுத்தைப் பிடிக்கும். அல்சூரிலிருந்து வைட்ஃபீல்டுக்கு இரண்டு பாக்கெட் அனுப்ப பைக் டெலிவரிக்காரர் கேட்கும் காசு சில நேரம் அந்த இரண்டு பாக்கெட் லாபத்தையே தின்றுவிடும். அதனால் டெலிவரி வாடிக்கையாளர் செலவு என்று முதலிலேயே எழுதிவிடுங்கள், இல்லையென்றால் ஒரே அபார்ட்மெண்டில் பத்து ஆர்டர் சேரும்வரை காத்திருந்து ஒரே நடையில் கொடுத்துவிட்டு வாருங்கள். அக்கா இரண்டாவதைச் செய்கிறார், அந்த அபார்ட்மெண்டில் ஒரு தமிழ் மாமி ஆர்டர் சேர்த்துக் கொடுக்கிறார், மாமிக்கு ஒரு பாக்கெட் இனாம்.

ஸ்டால்தான் ஏமாற்றும். சாயங்காலம் கல்லாவில் நான்காயிரம் பார்த்தால் மனசு நிறைந்துவிடும். கணக்கைப் பாருங்கள்: ஸ்டால் வாடகை 1,000, ஆட்டோ போக வர 400, ருசி காட்ட இட்லி, எண்ணெய், தட்டு எல்லாம் 200, மொத்தம் 1,600. பாக்கெட்டுக்கு 60 நிற்கிறது என்றால் 27 பாக்கெட் விற்றால்தான் போட்ட காசு வரும். 35 விற்றால் மிஞ்சுவது 500 ரூபாய், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நின்றதற்கு. 60 விற்றால் 2,000. எனவே ஒரே இடத்தில் முதல் தடவை 35 விற்றதை வைத்து முடிவு செய்யாதீர்கள், அங்கே வாங்கியவர்களில் எத்தனை பேர் பிறகு போனில் ஆர்டர் கொடுத்தார்கள் என்று எழுதி வையுங்கள். அவர்கள் அடுத்தடுத்து வாங்கினால் ஸ்டால் வாடகையை விளம்பரச் செலவாகப் பார்க்கலாம். யாருமே திரும்ப வரவில்லை என்றால் அந்த அபார்ட்மெண்டுக்கு மறுபடி போகாதீர்கள்.

கடைக்குக் கொடுத்தால்

கடைக்கு 96 ரூபாய்க்குக் கொடுத்தால் 36 நிற்கும். அக்காவின் திட்டம் வாரம் ஒரு நாள் காலையில் 12 கடை, கடைக்குப் பத்து பாக்கெட், அல்சூர், முருகேஷ்பாளையா, இந்திரா நகர் சுற்றுவட்டாரத்துக்குள். 120 பாக்கெட்டில் 4,320 ரூபாய். அதில் பெட்ரோல் 150. ஆறு பாக்கெட்டாவது கிழிந்தோ தேதி போயோ திரும்பி வரும் என்று வைத்து, அதற்குப் பதில் பாக்கெட் கொடுக்க 360. மிச்சம் 3,810, அரை நாள் வேலைக்கு. ஸ்டாலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாக்கெட்டுக்கு லாபம் குறைவு, ஆனால் அக்காவின் ஒரு மணி நேரத்துக்குக் கிடைக்கும் காசு பல மடங்கு. நேரடியாக விற்றால்தான் லாபம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவர்கள் இந்த இடத்தைத்தான் பார்க்காமல் விடுகிறார்கள்.

ஆனால் இந்த 3,810 எப்போது கைக்கு வரும்? மூன்று வாரக் கடன் என்றால் 360 பாக்கெட் எப்போதும் வெளியே நிற்கிறது, ஒரு பாக்கெட்டுக்கு 60 வீதம் 21,600 ரூபாய் உங்கள் சொந்தக் காசு அடுத்தவர் தட்டில் உட்கார்ந்திருக்கும். அந்தப் பணம் உங்களிடம் இல்லையென்றால் ஆறு கடையோடு ஆரம்பியுங்கள், அல்லது பழைய பில் தீர்த்தால்தான் புதுச் சரக்கு என்று கறாராக இருங்கள். "விற்றால் காசு தருகிறேன்" என்கிற கடைக்கு முதல் தடவை நாலு பாக்கெட்டுக்கு மேல் வைக்காதீர்கள். அவர் காசு போடாத சரக்கு எப்போதும் கீழ்த்தட்டுக்குத்தான் போகும்.

கடை வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? முதல் ஆர்டரை நம்பாதீர்கள், அது உங்கள் பேச்சுக்கும் முகத்துக்கும் கிடைத்தது. அடுத்த வாரம் போகும்போது தட்டில் எத்தனை பாக்கெட் இருக்கிறது என்று நீங்களே எண்ணி, கடை பெயர் போட்டு எழுதுங்கள். பத்தில் ஏழாவது போயிருந்தால் நல்ல கடை. மூன்று வாரத்தில் மூன்றுதான் போயிருக்கிறது என்றால் சரக்கை மரியாதையாகத் திரும்ப எடுத்துக்கொண்டு வேறு கடைக்குப் போங்கள், தேதி போகும்வரை விட்டுவைத்தால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

பெங்களூரில் நமக்கு இன்னொரு கதவு உண்டு, காண்டிமென்ட்ஸ் கடைகள். கோடுபளே, சக்லி, ஹப்பளா, சட்னிப் பொடி என்று வீட்டுப் பக்குவத்தில் செய்ததைத் தேடித்தான் அங்கே ஆட்கள் வருகிறார்கள், மளிகைக் கடையை விட அங்கே நம் பொடி வேகமாக ஓடும். சில கடைகள் உதிரியாக, கிலோ கணக்கில் கேட்பார்கள். பையும் லேபிளும் இல்லாமல் அக்காவுக்குக் கிலோ அடக்கம் 260, அவர்கள் 320 தந்தால் கிலோவுக்கு 60 ரூபாய் நிற்கும். குறைவுதான், ஆனால் பெரும்பாலும் கையில் காசு. மில்லும் ஆளும் சும்மா இருக்கும் நாட்களுக்கு நல்லது. முழு உற்பத்தியையும் இப்படிக் கொடுத்துவிட்டால் சாப்பிடுகிறவருக்குக் கடை பெயர் மட்டும்தான் தெரியும், நாளைக்கு அந்தக் கடைக்காரர் வேறு ஒருவரிடம் வாங்கினால் உங்களைத் தேடி ஒருவரும் வரமாட்டார்கள்.

டிஸ்ட்ரிபியூட்டர் கணக்கு

கடைக்கு 96 ரூபாயில் போக வேண்டும், அதில் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பத்துச் சதவீதம் என்றால் 9.60. உங்களுக்கு 86.40, அடக்கம் போக 26.40. பரவாயில்லையே என்று தோன்றும். அப்புறம் ஸ்கீம் கேட்பார், பத்துக்கு ஒன்று இலவசம். பதினோரு பாக்கெட் கொடுத்து 864 ரூபாய் வாங்குகிறீர்கள், அடக்கம் 660, மிச்சம் 204, அதாவது பாக்கெட்டுக்கு 18.50 சொச்சம். தேதி போனது, கிழிந்தது எல்லாம் இதற்கு மேல். நான் பில் போட்ட காலத்தில் சின்ன பிராண்டுகள் நின்றுபோனது பெரும்பாலும் மார்ஜினால் இல்லை, ஸ்கீமையும் ரிட்டர்னையும் கணக்கில் எடுக்காமல் கையெழுத்துப் போட்டதால்தான்.

பணத்தைத் தவிர இன்னும் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, அளவு. இந்த டிஸ்ட்ரிபியூட்டர் மாதம் ஆயிரம் பாக்கெட்டுக்குக் குறைந்து லைனில் ஏற்ற மாட்டேன் என்றார். அக்காவால் மாதத்துக்குப் போட முடிவதே எண்ணூற்றுச் சொச்சம். வீட்டு வாடிக்கையாளர்களை எல்லாம் கைவிட்டாலும் போதாது. இரண்டு, பொடியின் ஆயுள். அக்கா பாக்கெட்டில் மூன்று மாதம் என்று போடுகிறார். குடோனில் மூன்று வாரம், கடைத் தட்டில் ஒரு மாதம் போய்விட்டால் வாங்குகிறவர் வீட்டில் பாதி தீர்வதற்குள் எள்ளில் சிக்கு வாடை வந்துவிடும். நடுவில் ஆள் கூடக்கூட உங்கள் பொடி பழசாகித்தான் வாய்க்குப் போய்ச் சேருகிறது. பூண்டுப் பொடி, தேங்காய்ப் பொடி என்றால் இரண்டு நிலையை நினைக்கவே வேண்டாம்.

சூப்பர் மார்க்கெட், பத்து நிமிட டெலிவரி ஆப் எல்லாம் இதை விடக் கடினமான பேரம். பார்கோடு வேண்டும், அது ஜிஎஸ்1 இந்தியாவிடம் வாங்குவது, நம் நாட்டு எண் 890ல் ஆரம்பிக்கும். பொதுவாக அவர்கள் கேட்கும் கழிவும் கூடுதல், பணம் வரும் நாளும் தள்ளி. இந்த அளவில் இருப்பவர்கள் இப்போதைக்கு அந்தப் பக்கம் போக வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

விலையை முதலில் சரிசெய்தோம்

எந்த வழி என்று முடிவெடுப்பதற்கு முன் அக்கா செய்தது எம்ஆர்பியை 140 ஆக்கியது. பக்கத்துத் தட்டில் இருக்கும் மற்ற பொடிகளைப் பார்த்து, இரண்டு கடைக்காரர்களிடமும் கேட்டு, போகும் என்று தெரிந்த பிறகுதான். 140 என்றால் வாசலில் 80 நிற்கும், கடைக்கு 112க்குக் கொடுத்து 52 நிற்கும், நாளைக்கு டிஸ்ட்ரிபியூட்டர் வந்தாலும் 100.80 கிடைத்து 40.80 நிற்கும், பத்துக்கு ஒன்று ஸ்கீம் கொடுத்த பிறகும் முப்பதுக்கு மேல். இன்றைக்கு டிஸ்ட்ரிபியூட்டர் இல்லாவிட்டாலும் அவர் பங்குக்கு விலையில் இடம் விட்டு வையுங்கள், பின்னால் திடீரென்று ஏற்றினால் பழைய வாடிக்கையாளர்கள் முகம் சுளிப்பார்கள். உங்கள் பொருளுக்கு அந்த விலை போகாது என்றால் அதுவும் ஒரு பதில்தான்: உங்களுக்கு இரண்டு நிலை இல்லை, ஒரு நிலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒன்று கவனம். ஏற்கெனவே அச்சடித்த பாக்கெட்டின் மேல் கூடுதல் எம்ஆர்பி ஸ்டிக்கர் ஒட்டக் கூடாது, சட்டப்படி குறைப்பதற்குத்தான் ஒட்டலாம். அதனால் லேபிளை ஐந்தாயிரம் ஆறாயிரம் என்று மலிவாகக் கிடைக்கிறதே என அச்சடித்து வைக்காதீர்கள்.

அடுத்து, கடைக்கும் உங்களுக்கும் வரும் சண்டை. கடையில் 140 போட்டு விற்கும்போது நீங்கள் அபார்ட்மெண்ட் குரூப்பில் "120க்குத் தருகிறேன்" என்று போட்டால், அதே குரூப்பில் கடைக்காரர் மச்சானும் இருப்பார். மறுநாள் சரக்கு திரும்பி வரும். கடையில் என்ன விலையோ அதே விலையில்தான் நேரடியாகவும் விற்க வேண்டும். நேரடி வாடிக்கையாளருக்கு ஏதாவது சலுகை தர ஆசைப்பட்டால் கடையில் இல்லாத அளவில் தாருங்கள். அக்கா அரைக் கிலோ பையை வாசலிலும் வாட்ஸ்அப்பிலும் மட்டும் விற்கிறார், கிராம் கணக்கில் அது மலிவு, ஆனால் ஒப்பிட்டுச் சண்டை போட கடையில் அந்தப் பை இல்லை.

அக்கா எடுத்த முடிவு

வாரம் 200 பாக்கெட்டில் எண்பதை நேரடியாக, 120ஐ கடைகளுக்கு. இரண்டு அபார்ட்மெண்ட் தவிர மற்ற ஸ்டால்களை விட்டாயிற்று. டிஸ்ட்ரிபியூட்டரிடம் "இப்போ வேண்டாம்ணா, அளவு கூடினதும் நானே போன் பண்றேன்" என்று நல்லபடியாகச் சொல்லி அனுப்பினோம்.

எப்போது போன் செய்வது? கடைச் சுற்று வாரத்தில் அரை நாளைத் தாண்டி இரண்டு நாளைத் தின்ன ஆரம்பித்து, அதனால் வறுக்க நேரமில்லாமல் ஆர்டர் தவறினால் அது ஒரு அடையாளம். கேட்கும் கடைகள் ஸ்கூட்டர் எட்டாத ஜெயநகர், மல்லேஸ்வரம் பக்கம் சேர்ந்தால் இன்னொன்று. அப்போதும் அல்சூர் கடைகளை நீங்களே வைத்துக்கொண்டு, புது ஏரியாவை மட்டும் கொடுங்கள். எந்த ஏரியா, என்ன விலை, எத்தனை நாளில் பணம், எத்தனை பாக்கெட் வரை ரிட்டர்ன் என்று நாலு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அதற்கு முன்பே சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு எடுத்துவிடுங்கள், இலவசம்தான், ஆன்லைனில் ஆதார் வைத்து முடிந்துவிடும். பதிவு உள்ள சிறு உற்பத்தியாளருக்கு எழுதி ஒப்புக்கொண்டிருந்தாலும் 45 நாளுக்குள், எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. தவணை தாண்டினால் வாங்கியவர் அந்தத் தொகையைக் கொடுக்கும்வரை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டவும் முடியாது. மூலைக்கடை அண்ணாவிடம் இதைச் சொன்னால் சிரிப்பார், ஆடிட்டர் வைத்துக் கணக்கு எழுதும் டிஸ்ட்ரிபியூட்டர் சிரிக்கமாட்டார்.